எட்டுப் பேர் மேஜையில் ஆறிப்போன ஒரு ரோஸ்ட்

ஓட்டல் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடத்தும் பயிற்சியில் ஒரு நாடகம் தவறாமல் இருக்கும். ஒருவர் கோபக்கார வாடிக்கையாளராக நாற்காலியில் உட்கார்ந்து, “என்னப்பா, தோசை ஆறிப்போய்க் கிடக்கு” என்று சத்தம் போடுவார். எதிரே நிற்கும் பையன் கையைக் கட்டிக்கொண்டு, “சாரி சார், மாத்தித் தரேன் சார்” என்பான். வாடிக்கையாளர் சமாதானமாகிவிடுவார். அடுத்த ஆள் வருவான்.

இந்தப் பயிற்சியை முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலை ஹாலுக்குள் போகிற பையன் முதல் சண்டையிலேயே திணறிவிடுகிறான். காரணம் எளிது. நிஜத்தில் சத்தம் போடுகிறவர் தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. சுற்றிலும் ஏழு பேர் இருப்பார்கள். ஆறின தட்டு ஒருவருடையது, கோபம் இன்னொருவருடையது. மற்றவர்கள் கையில் எடுத்த கவளத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒற்றை நாற்காலியை வைத்துப் பழகியவனுக்கு இதில் யாரைப் பார்த்துப் பேசுவது என்பதே பிடிபடாது.

ஆகவே இந்த நாடகத்தை நிறைந்த மேஜையில்தான் நடத்த வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து மாலை டிபன் தொடங்கும் முன் மூன்றரை மணிவாக்கில் ஹால் காலியாக இருக்கும். இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு எட்டு நாற்காலி வையுங்கள். கிளீனர், காசாளர், ஜூஸ் போடுகிறவர் என்று கிடைத்தவர்களை எல்லாம் உட்கார வையுங்கள். ஒரு நெய் ரோஸ்ட்டை இருபது நிமிடம் முன்னதாகவே வார்த்து, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, அதையே பரிமாறுங்கள். வெறும் தட்டைக் காட்டி நடித்தால் பையனுக்குக் கோபத்தின் நியாயம் தெரியாது. விறைத்துப்போன ரோஸ்ட்டை ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெண்ணைக் கட்டிக் கொடுத்துச் சில மாதமே ஆகிறது. பெண்ணின் அப்பா, அம்மா, பாட்டி, தம்பி ஒரு பக்கம். மாப்பிள்ளை, பெண், சம்பந்தி, சம்பந்தியம்மா மறுபக்கம். விருந்துக்கு அழைத்து வந்தவர் பெண்ணின் அப்பா, பில்லும் அவருடையது. ஆறின நெய் ரோஸ்ட் வந்திருப்பது சம்பந்திக்கு. நடிக்கிறவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுக்க வேண்டும். அப்பாவின் சீட்டில், “ஒன்பதரைக்கு ரயில். கேட்டால்தான் சொல்ல வேண்டும்.” சம்பந்தியம்மாவின் சீட்டில், “வீட்டுக்காரர் சுகர் மாத்திரை போட்டுவிட்டார். சாப்பாட்டுப் பேச்சு எடுத்தால்தான் சொல்ல வேண்டும்.” சப்ளையராக நடிப்பவனுக்கு இரண்டும் தெரியக் கூடாது.

ரோஸ்ட் ஏன் ஆறியது என்பதும் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாதவன் “கூட்டம் சார்” என்றுதான் சொல்வான். எட்டுப் பேர் ஆர்டரில் மாப்பிள்ளைக்கு ரவா ரோஸ்ட். அதன் மாவு தண்ணீராக இருக்கும். நிதானமாக வெந்து முறுக வேண்டும். சாதா தோசையைவிட நேரம் பிடிக்கும். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்த பையன், முதலில் வந்த நெய் ரோஸ்ட்டை வாங்கிக் கவுண்டரில் வைத்துவிட்டு ரவாவுக்காகக் காத்து நின்றான். தட்டு அப்போதுதான் கழுவிய எவர்சில்வர் தட்டு. மேலே மின்விசிறி. ரோஸ்ட் மெல்லியது, பரப்பு பெரியது; சூடு நிற்க அதில் இடமே இல்லை. பாட்டியின் இட்லியும் அதே அளவு நேரம்தான் காத்திருந்தது. ஆனால் உள்ளே ஈரமும் கனமும் இருப்பதால் அது சூடாகவே இருக்கிறது. ஒரே மேஜையில் ஒருவர் திருப்தியாகச் சாப்பிட, பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பது இதனால்தான். “மத்தவங்க யாரும் சொல்லலையே சார்” என்று பையன் எதிர்வாதம் செய்வதும் இதைத் தெரியாததால்தான்.

இனி முதல் ஆட்டம். எதுவும் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

அப்பா: தம்பி, இங்க வா. இது ரோஸ்ட்டா, அப்பளமா? சூடே இல்ல.

பையன்: இப்பத்தான் சார் எடுத்துட்டு வந்தேன்.

அப்பா: அப்ப நான் பொய் சொல்றேனா?

பையன்: இல்ல சார், ஞாயித்துக்கிழமை, கூட்டம் ஜாஸ்தி…

அப்பா: கூட்டம்னா? எங்ககிட்ட மட்டும் காசு கம்மியாவா வாங்கப் போறீங்க?

சம்பந்தி: விடுங்க சம்பந்தி. பரவாயில்ல, நான் இதையே சாப்பிட்டுக்கறேன்.

பையன்: சரி சார். வேற ஏதாச்சும் வேணுமா சார்?

அப்பா: என்ன சரி? கூப்பிடு உங்க முதலாளிய!

பையன் கலங்கிப்போய், “அஞ்சே நிமிஷம் சார், மாத்தித் தரேன்” என்று சம்பந்தியின் கையிலிருந்து பிடுங்காத குறையாகத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுவான். இந்த இடத்தில் நிறுத்துங்கள். யாரும் எழுந்திருக்க வேண்டாம். மேஜையை மட்டும் பாருங்கள். ஏழு பேர் முன்னால் தட்டு இருக்கிறது. மரியாதை செய்ய வேண்டிய சம்பந்தி முன்னால் இருப்பது ஈரமான மேஜைப்பலகை. மற்றவர்களுக்குச் சாப்பிடவும் முடியாது, சாப்பிடாமல் இருக்கவும் முடியாது. அதற்குள் அவர்கள் தட்டும் ஆறத் தொடங்கிவிடும். ஞாயிறு மாலையில் ஒரு ரோஸ்ட் வரிசையில் போய்ச் சேர்ந்தால் திரும்பி வரப் பத்து, பன்னிரண்டு நிமிடம்கூட ஆகும். பையன் செய்த பெரிய தவறு இந்தத் தட்டை எடுத்ததுதான். வாய்ப்பேச்சில் நடந்த தவறுகள் இதற்கு அடுத்தபடி.

சம்பந்தியின் “பரவாயில்ல” என்ற பேச்சைப் பையன் எடுத்துக்கொண்ட விதம் அடுத்த தவறு. விருந்தாளி அப்படித்தான் சொல்வார், சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அழைத்து வந்தவரின் மனம் நோகக் கூடாதே என்று அவர் சொன்னதைச் சப்ளையர் பிரச்சினை தீர்ந்ததாக எடுத்துக்கொண்டால், அழைத்து வந்தவரின் தலை இன்னும் குனிகிறது. அப்பாவின் கோபத்தில் தோசைக்கு உள்ள பங்கு குறைவு. சம்பந்தி முன்னால் தன் உபசாரம் குறைந்துபோனது என்ற வெட்கம்தான் பெரிய பங்கு. இதைப் புரிந்துகொண்ட பையன் அடுத்த ஆட்டத்தில் வேறு மாதிரி நிற்பான்.

நிற்பதிலிருந்தே தொடங்குவோம். மேஜையின் தலைப்பில் நின்று எட்டுப் பேருக்கும் கேட்கும்படி பேசக் கூடாது. அப்பாவும் சம்பந்தியும் இருக்கும் பக்கம் வந்து, சற்றே குனிந்து, அப்பாவின் குரலைவிடத் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். ரோஸ்ட்டை விரலால் தொட்டுப் பார்க்கவே கூடாது. சுகாதாரக் குறைவு என்பது ஒரு பக்கம். “நீ சொன்னதை நான் சோதித்துத்தான் நம்புவேன்” என்று சொல்வதும் அதுவே.

அப்பா: தம்பி, இது ரோஸ்ட்டா, அப்பளமா? சூடே இல்ல.

பையன்: ஆமாங்க சார், ஆறிப்போச்சு. எங்க தப்புதாங்க.

அப்பா: சம்பந்தியக் கூட்டிட்டு வந்திருக்கேன். இப்படித்தான் வைப்பீங்களா?

பையன்: மன்னிச்சுக்கங்க சார். ஐயா, உங்களுக்குப் புதுசா ஒரு ரோஸ்ட் போடச் சொல்றேன். கல்லுலேர்ந்து நேரா கொண்டாறேன். ஒரு எட்டு நிமிஷம் ஆகும்.

சம்பந்தி: பரவாயில்லப்பா, இதையே சாப்பிட்டுக்கறேன்.

பையன்: வேண்டாங்கய்யா, முறுகலா இருந்தாத்தான் அது ரோஸ்ட். அது வர்ற வரைக்கும் சூடா ரெண்டு இட்லி வைக்கட்டுங்களா? இட்லி ரெடியா இருக்கு.

சம்பந்தியம்மா: வைப்பா. மாத்திரை போட்டுட்டார், வெறும் வயித்தோட இருக்கக் கூடாது.

பையன்: இதோ வந்துட்டேம்மா. சார், வேற யாருக்காவது ஆறியிருக்குங்களா? தம்பிக்குப் பூரி?

அப்பா: அதுவும் அமுங்கித்தான் போச்சு.

பையன்: ரெண்டையும் மாத்திடறேன் சார். நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

அப்பா: ஒன்பதரைக்கு ரயில்.

பையன்: இப்ப எட்டு இருபதுங்க. எட்டரைக்குள்ள வச்சிடறேன். தள்ளிப்போற மாதிரி இருந்தா நானே வந்து சொல்றேன்.

இரண்டு ஆட்டங்களிலும் அப்பா ஒரே வார்த்தையில்தான் தொடங்கினார். பையனின் முதல் பதில்தான் போக்கை மாற்றியது. “ஆமாங்க சார், ஆறிப்போச்சு” என்று ஒத்துக்கொண்ட பிறகு, ஆறியதா இல்லையா என்ற வழக்கே மேஜையில் இல்லை. கூட்டம், மாஸ்டர், அடுப்பு என்று காரணம் எதையும் அவன் சொல்லவில்லை. காரணம் உண்மையாகவே இருந்தாலும், பசியோடு இருப்பவருக்கு அது சாக்காகத்தான் கேட்கும். “மன்னிச்சுக்கங்க” என்பதையும் ஒரு தடவைதான் சொன்னான். நாலு தடவை சொன்னால், வேலை எதுவும் நடக்கவில்லை, பேச்சுதான் நடக்கிறது என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றிவிடும்.

இட்லி இந்த நாடகத்தின் உயிர். ஆறின தட்டை எடுப்பதற்கு முன்பே அந்த இடத்தில் வேறொரு சூடான தட்டு வந்துவிட வேண்டும். அதற்கு ஓட்டலில் எந்த நேரமும் தயாராக இருக்கிற பண்டம் வேண்டும். சைவ ஓட்டலில் அது இட்லி. பிரியாணிக் கடையில் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சோறு அந்த வேலையைச் செய்யும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டவர் சாப்பிடத் தாமதித்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரக்கூடும். முதல் ஆட்டத்தில் இந்தச் செய்தி வெளியே வரவே இல்லை. யாரும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எட்டு நிமிடம் என்று சொன்னதைக் கேட்டுப் பயிற்சியில் சிலர் நெற்றியைச் சுருக்குவார்கள். ஐந்து என்றால் வாடிக்கையாளர் குளிர்வாரே என்பார்கள். ஐந்து என்று சொல்லி ஏழில் வந்தால் அது இரண்டாவது ஏமாற்று. எட்டு என்று சொல்லி ஏழில் வந்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகிறது. அதே ஏழு நிமிடம்தான். ஒரே மேஜையில் இரண்டாம் முறையும் தவறினால் எந்த மன்னிப்பும் எடுபடாது.

“வேற யாருக்காவது ஆறியிருக்குங்களா” என்ற கேள்வியைப் பல முதலாளிகள் விரும்புவதில்லை. சும்மா இருப்பவர்களையும் கிளப்பிவிடுவதாக நினைக்கிறார்கள். ஆனால் சம்பந்தியின் ரோஸ்ட் வந்த பிறகு பையனின் பூரிக்காக இன்னொரு தடவை சண்டை போட்டால் நஷ்டம் அதிகம். இன்னொரு பயனும் உண்டு. ரோஸ்ட்டும் பூரியும் மட்டும் ஆறியிருந்தால் தட்டு காத்திருந்தது என்று பொருள். சாம்பார் ஆறியிருந்தால் விஷயம் வேறு. சாம்பார் வைத்திருக்கும் பாத்திரத்தின் அடியில் சூடு போய்விட்டது. ஹால் முழுக்க அதே சாம்பார்தான் போய்க்கொண்டிருக்கிறது. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் சாம்பார் ஆறியிருப்பதாக ஒரு மேஜையில் சொன்னால் அந்த மேஜைக்கு மட்டும் மாற்றிவிட்டு வந்தால் போதாது; உள்ளே சூப்பர்வைசரிடம் சொல்லியாக வேண்டும்.

நாடகத்தைப் பெரும்பாலானோர் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். மேஜையில் நன்றாகப் பேசிய பையன் தோசைக்கல் முன்னால் தோற்றுப்போவதை நான் பல ஓட்டல்களில் பார்த்திருக்கிறேன். அங்கேயும் ஒரு கோபக்காரர் நிற்கிறார். ஆகவே மாஸ்டரையும் நடிக்கக் கூப்பிட வேண்டும். நிஜ தோசை மாஸ்டரே வந்தால் மிக நல்லது.

பையன்: மாஸ்டர், பன்னெண்டாம் டேபிளுக்கு நெய் ரோஸ்ட் ஒண்ணு, மாத்து. சுகர்காரர், ரயிலுக்கும் போறாங்க. அடுத்த ஈட்டுலேயே வேணும்.

மாஸ்டர்: நான் சூடாத்தான் குடுத்தேன். நீ வாங்கி வச்சிக்கிட்டு நின்னா நான் என்ன பண்றது?

பையன்: நான்தான் மாஸ்டர் ரவாவுக்காக நிறுத்தி வச்சேன். இந்தத் தடவ தட்டோட இங்கயே நிக்கிறேன்.

மாஸ்டர்: சரி, நில்லு. துடைச்ச தட்டா எடுத்துட்டு வா.

வாடிக்கையாளரிடம் ஒத்துக்கொண்டது போலவே மாஸ்டரிடமும் ஒத்துக்கொண்டான். அங்கேயும் வழக்கு முடிந்தது. “மாத்து” என்ற சொல் முக்கியம். மாற்று ஆர்டருக்குத் தனிச் சீட்டோ, பழைய சீட்டிலேயே சூப்பர்வைசரின் கையெழுத்தோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவுண்டரில் நெய் ரோஸ்ட் இரண்டாக விழும். சமாதானத்துக்கு வைத்த இட்லியும் பில்லில் வந்து உட்காரும். சாப்பாட்டு மேஜையில் அடங்கின சண்டை பில்லைப் பார்த்ததும் திரும்ப எழும். அப்போது அதை அடக்க யாராலும் முடியாது. பயிற்சியில் ஒரு போலி பில்லையும் கொண்டுவந்து வைத்து, பையன் அதைச் சரிபார்த்துத்தான் மேஜைக்குக் கொண்டுபோகிறானா என்று பார்க்க வேண்டும். ஆறின ரோஸ்ட்டைத் திரும்பக் கல்லில் போட்டுச் சூடாக்கித் தருவது கூடவே கூடாது. கை பட்ட பண்டம் அது. முறுகலும் திரும்பாது, வெறுமனே காய்ந்துபோகும்.

அந்த இட்லியைக் கொடுக்கப் பையனுக்கு அதிகாரம் உண்டா? பல ஓட்டல்களில் இல்லை. “சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு வரேன்” என்று அவன் நகர்ந்தால் அந்த இரண்டு நிமிடத்தில் மேஜை சூடேறிவிடும். ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க ஒரு சாதாரண ஊழியரே மேலதிகாரியைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவு செய்யலாம் என்று விதி வைத்திருப்பது இந்தத் தொழிலில் பிரசித்தம். நம் ஊர் டிபன் கடைக்கு அவ்வளவு வேண்டாம். கெட்டுப்போன பண்டத்தை மாற்றுவது, அது வரும் வரை இட்லியோ காபியோ வைப்பது — இந்த இரண்டுக்கும் யாரையும் கேட்க வேண்டாம் என்று முதலாளி பயிற்சியன்றே எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் போனால், அதாவது பில்லில் தள்ளுபடி கேட்டால், சூப்பர்வைசர் வரட்டும்.

எதுவரை பொறுத்துக்கொள்வது என்பதையும் இதே நாடகத்தில் பழக்க வேண்டும். தோசையைத் திட்டலாம், ஓட்டலைத் திட்டலாம். பையனின் சாதியையோ, ஊரையோ, அம்மாவையோ இழுத்துப் பேசினாலும், கையை ஓங்கினாலும், அந்த இடத்தில் அவன் நிற்க வேண்டியதில்லை. “சூப்பர்வைசரை வரச் சொல்றேங்க” என்ற ஒரே வாக்கியத்தோடு விலகிவிடலாம். விலகி வந்தவனைச் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டக் கூடாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் எழுதினார். முகத்தில் சிரிப்பையும் குரலில் பணிவையும் வைத்திருப்பதே அவர்களுக்குக் கூலி வேலையாகிவிட்டதையும், அது மனத்தை எவ்வளவு தேய்க்கிறது என்பதையும் அதில் விரிவாகக் காட்டினார். நம் சப்ளையர்களும் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அதனால் நாடகம் முடிந்ததும் அப்பாவாகக் கத்தியவர் எழுந்து வந்து பையன் தோளில் கை போட்டு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போக வேண்டும். பிறகு இருவரும் இடம் மாற வேண்டும். கத்துகிற நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்தவன் அடுத்த முறை நிற்கும் விதமே வேறாக இருக்கும்.

இன்னொரு சிறிய ஆட்டத்தையும் அன்றே போட்டுவிடலாம். அது கோபம் வருவதற்கு முந்தைய ஆட்டம், ஆர்டர் எடுக்கும் இடம். “ரவா ரோஸ்ட் கொஞ்சம் நேரமாகுங்க. மத்ததை வர வர வைக்கட்டுங்களா, எல்லாம் சேர்த்து வைக்கணுங்களா?” என்று கேட்டிருந்தால் சம்பந்தியின் ரோஸ்ட் மின்விசிறிக்குக் கீழே காத்திருக்காது. சேர்த்துத்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், ரவாவை முதலில் கல்லில் போடச் சொல்லி, அது வேகும்போது நெய் ரோஸ்ட்டையும் பூரியையும் கடைசியாகப் போடச் சொல்ல வேண்டும்.

ஓட்டலுக்குப் போகிற நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. தட்டு ஆறியிருந்தால் முதல் விள்ளலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி சாப்பிட்ட பிறகு சொன்னால் மாற்றுவதும் கடினம், நம்புவதும் கடினம். எந்தப் பண்டம், யாருடைய தட்டு என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ரயிலோ மாத்திரையோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பையன் உள்ளே போய் மாஸ்டரிடம் உங்களுக்காக வாதாட அது உதவும்.